முப்பத்தோராவது தலை

சர்வகலாசாலைப் பரீட்சைப் பகுதியின் பட்ஜெட் என்றால் வேதமாணிக்கத்துக்கு வருஷா வருஷம் வரும் காய்ச்சல். ராயபுரத்திலிருந்து தினமும் டிராம் ஏறிப்போய் அந்த ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர். கேள்வித்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களின் சன்மானத்தில் கை வைக்க முடியாது. அவர்கள் பெரிய இடம். அச்சுக்கூலியும் கை வைக்கிற இடமில்லை. பெயர் கொடுத்தவர்களின் கணக்குக்கு மேல் உபரிப் பிரதிகளும் அடித்து, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே கத்தி எப்போதும் ஹாலில் காவல் நிற்கும் மேற்பார்வையாளர்கள் கழுத்தில்தான் விழும்.

"ராயபுரம் சென்டருக்கு எதற்குய்யா ரெண்டு மேற்பார்வையாளர்?" என்றார் உதவிப் பதிவாளர் நீலமேகம். "மெட்ரிகுலேஷனுக்கு முப்பது பேர்தானே பெயர் கொடுத்திருக்கிறார்கள்? முப்பது பேருக்கு ஒருவர். அதுதான் விதி."

"அதில் ஒன்று பெண் பிள்ளை சார். தட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார வேண்டும். அங்கே ஒரு அம்மாள் வேண்டும்."

"விதியில் பெண் பிள்ளை என்று இல்லையே. தலைதான் இருக்கிறது. முப்பத்தொன்றாகட்டும், ரெண்டு பேர் போடு. ஒருவர் அம்மாளாக இருந்தால் எனக்கென்ன?"

நீலமேகம் கெட்டவரல்ல. விதியைத் தாலியாகக் கட்டிக்கொண்டவர், அவ்வளவுதான்.

அந்தப் பெண் சாபிரா, வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி மதார் சாகிப்பின் மகள். வீட்டிலேயே படித்தவள். "வூட்டுக்குப் பக்கத்துல ஹால் இருக்கணும், பொம்பளை ஒருத்தி கண்காணிக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் பொண்ணை அனுப்பமாட்டேன் குமாஸ்தா" என்று சாகிப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார். அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வேதமாணிக்கத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவரைத் தூங்கவிடவில்லை.

பெயர் கொடுக்க மறுநாள்தான் கடைசி. ஒரே ஒரு தலை வேண்டும். சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் அந்தத் தலை சங்கரா மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்தது. மைத்துனன் யேசுதாஸ். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கவிழ்ந்து, இனி எழுதுவதில்லை என்று மாதா கோயிலில் சத்தியம் செய்தவன்.

"ஏண்டா, இன்னொரு வாட்டி எழுதிப் பாரேன்."

"இன்னா மாமா, பேஜார் பண்றே? கணக்குன்னாலே எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது."

"உக்காந்துட்டு வந்தா போதும்டா. உன்னாலே ஒரு பொண்ணு பரீட்சை எழுதும்" என்று வேதமாணிக்கம் கதையைச் சொன்னார்.

யேசுதாஸ் மீனை விட்டுவிட்டான். "அப்படின்னா சரி. பாஸாவுறதுதான் எனக்கு வராது. உக்கார்றது வரும்."

"நம்ம தம்பி மறுபடி எழுதறானா! பீஸு நான் கட்றேன்" என்று அவர் மனைவி ரோசம்மாள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் பெயர் பதிவாயிற்று. நீலமேகமும் சொன்ன சொல் தவறாமல் பட்ஜெட்டில் இரண்டு மேற்பார்வையாளர்களைப் போட்டார். போட்டவர், பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். "யேசுதாஸ் உனக்கு மைத்துனனாமே? உறவுக்காரன் எழுதும் பரீட்சைக்கு மதிப்பெண் பட்டியல் வேலையில் நீ உட்காரக் கூடாது. விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிடு."

வேதமாணிக்கத்துக்குத் திக்கென்றது. ஒருவர் மார்க்கை வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் சரிபார்க்க நடக்கும் அந்த வேலைக்குத் தனிப்படி உண்டு. ரோசம்மாளை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போவதாக இருந்ததே அந்தப் படியை நம்பித்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை! இருந்தும், அந்தப் பார்வை ஞாபகத்துக்கு வந்தது. எழுதிக் கொடுத்தார். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை.

பரீட்சை நடந்தது. தட்டிக்குப் பின்னால் சாபிராவும் காத்தூன் பீவி என்ற ஆசிரியையும். முன்னால் முப்பது ஆண்கள். யேசுதாஸ் கடைசி மணிவரை நாற்காலியைத் தேய்த்துவிட்டு வந்தான்.

முடிவு வந்த அன்று சாகிப் ஒரு தட்டு அல்வாவோடு வந்து, வாசலிலேயே வேதமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டார். "பாஸாயிட்டா குமாஸ்தா! எங்களாலே உன் படி போச்சாமே, ஆபீஸ்ல கேட்டுக்கினு வந்து காத்தூன் பீவி சொன்னாங்க. உனக்கு நான் இன்னா செய்யப்போறேன்!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

குட்டு உடைந்தது. உள்ளே ரோசம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அப்போ வேளாங்கண்ணி?"

"அடுத்த வருஷம் ரோசி. படி வந்ததும் முதல் செலவு அதுதான்."

"இவன்?"

"கணக்குல போயிட்டேன்க்கா" என்றான் யேசுதாஸ், அல்வாவைப் பார்த்தபடி.

ரோசம்மாள் அல்வாவில் பெரிய துண்டாகப் பிட்டுத் தம்பி வாயில் திணித்தாள்.

"சாபிராவுக்குத் தங்கச்சி ஒண்ணு கீதாம், அடுத்த வருஷம் எழுதுதாம். இவன் பாஸாயிட்டிருந்தா அதுக்கு முப்பத்தோராவது தலைக்கு எங்க போறது? வேளாங்கண்ணி மாதா எங்கயும் ஓடிட மாட்டா. நான் பீஸை எடுத்து வெக்கிறேன்."