வலப்பக்கம் இல்லாத மலை

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. குன்னத்துகாலில் சகாயதாஸ் அண்ணனின் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், போடுகிற கம்பெனியில் பாக்கெட்டுக்குச் சீல் வைக்கிறவள் நான், ஜேனட். கவர் நிறைக்கிற சுகுமாரி அக்காவின் பை ஏன் எப்போதும் அவ்வளவு உப்பியிருக்கிறது என்று எனக்கு வெகுநாளாக ஓர் உறுத்தல். ஓணத்துக்கு முந்தைய வாரம் பாறசாலைக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியபோது, என் புத்தி நேரே அந்தப் பைக்குத்தான் போனது.

இருநூறு கிராம் என்று அச்சடித்த பாக்கெட். தராசு நூற்றுத் தொண்ணூற்று நான்கு காட்டியது.

"கவர்ல நெறைக்கது அவ ஒருத்தியாக்கும். வேற ஆரு எடுப்பா?" என்றான் ஆன்சன். முதலாளியின் மச்சினன். அக்கா நிறைத்த கவர்கள் அவன் மேசைக்குப் போகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தராசில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லி எனக்குத் தள்ளுவான். சாயங்காலம் வாசலில் நின்று எங்கள் பைகளைச் சோதிப்பதும் அவன்தான். அக்காவின் பையில் இதுவரை ஒன்றும் அகப்பட்டதில்லை. "பெரிய கள்ளி, அதான் மாட்டல்லே" என்பான்.

முதலாளி அக்காவைப் பார்த்து, "நாளையிலேருந்து வரண்டாம்" என்றார். அக்கா கையிலிருந்த எவர்சில்வர் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கள்ளி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால் இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்?

"ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள் நந்தனா. புள்ளியியல் படித்துவிட்டு எங்களிடம் தரம் பார்க்க வந்தவள். "ஒரு பாக்கெட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அக்கா, எங்க முன்னால நெறையுங்க."

அக்கா கோப்பையால் வாரி வாரிக் கவரில் போட்டாள். நந்தனா ஒவ்வொன்றையும் நிறுத்து, கிராமுக்கு ஒரு வரிசையாக, எடை குறைந்தது இடப்பக்கமும் கூடியது வலப்பக்கமுமாக, நீள மேசையில் அடுக்கினாள். நேரம் போகப் போக எனக்கே வியப்பாக இருந்தது. இருநூற்றைந்தை ஒட்டிய வரிசைகள் நீண்டுகொண்டே போயின. இரண்டு பக்கமும் சரிந்து, ஓரங்களில் ஒன்றிரண்டு மட்டும் கிடந்தன. மேசைமேல் ஒரு மலை படுத்திருந்தது.

"பாத்தியளா?" என்றாள் நந்தனா. "கோப்பையில வாரும்போ ஒரு துண்டு தடிப்பு, ஒண்ணு மெலிசு, கை கொஞ்சம் சரியும், கோப்பைத் தலை இத்திரி குவியும். ஒண்ணு கூட்டும், ஒண்ணு குறைக்கும். பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போவும், அதான் நடுவுல இந்தக் கூட்டம். எல்லாம் ஒரே பக்கமா இழுக்கது அபூர்வம். அந்த நூத்தித் தொண்ணூத்தி நாலு அப்பிடி ஓரத்துல விழுந்ததாக்கும். நூத்துக்கணக்குல நெறைச்சா ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும்."

"இண்ணைக்கு நாம பாக்கோம், அதனால ஒழுங்கா நெறைச்சா," என்றான் ஆன்சன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப நேத்து நெறைச்சதையும் பாப்போம். ஒவ்வொண்ணுலயும் அக்கா எடுத்திருந்தா மலை மொத்தமா இடப்பக்கமா நகந்திருக்கும்."

ஆன்சன் தண்ணீர் குடிக்கப் போனான். எனக்கு அந்தத் தாகம் பிடிக்கவில்லை.

நேற்றைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, அதே மேசையில் அடுக்கினோம். இடப்பக்கச் சரிவு அப்படியே இருந்தது. நகரவில்லை. ஆனால் இருநூற்றைந்தில் ஒரு வரிசை மேசையைத் தாண்டி நீண்டது. அதற்கு வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. கத்தியால் வெட்டியது போலிருந்தது.

நந்தனா அந்த வெட்டின் ஓரமாக விரலை ஓட்டினாள். பிறகு, "சின்னக் காரியங்கள் சேந்தா இப்பிடி ஒடியாது அண்ணே. இது ஒரு கை செய்தது. கூடுதல் உள்ளத மட்டும் பாத்து, இருநூத்தஞ்சு வரைக்கும் வாரி எடுத்திருக்கு. குறைவா உள்ளதத் தொடவேயில்ல," என்றாள்.

"அதுதானே நானும் சொல்லுகேன், அவதான்..." என்றான் ஆன்சன்.

"அக்காட்ட கோப்பைதான் உண்டு," என்றேன் நான். என் வாய் என்னை முந்திக்கொண்டது. "எது இருநூத்தஞ்சு, எது இருநூத்திப் பத்துண்ணு அக்காவுக்கு எப்பிடித் தெரியும்? தராசு ஒங்க மேசையிலல்லா இருக்கு?"

முதலாளி மச்சினனைப் பார்த்தார்.

சுகுமாரி அக்கா தன் பையை எடுத்து வந்து, நந்தனாவின் மலைக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். சோற்றுப் பாத்திரம், குடை, மாற்றுச் சேலை, மருந்து. பை உப்பியிருந்தது அந்தச் சேலையால். எண்ணெய் நாற்றத்தோடு பஸ்ஸில் ஏற அவளுக்குக் கூச்சமாம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்க பைய தெனமும் பாத்தாச்சு," என்றாள் அக்கா. "இனி அவருக்க ஸ்கூட்டர் சீட்டத் தொறக்கச் சொல்லுங்க."

ஆன்சன் சாவியைக் காணோம் என்றான். சாவி அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. முதலாளி அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். அவர் சீட்டைத் தூக்கியதும், வெயிலில் சூடேறிய ஏத்தங்காய் உப்பேரியின் வாசனை வாசல்வரை வந்தது.