பதிவேட்டில் இல்லாத பெயர்

சாந்தகுமாரி டாக்டருக்குப் படித்தவள் என்பது டெல்லி கிட்வாய் நகரில் அவள் குடியிருந்த வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். மதுரையில் படித்து, 1963-இல் மெட்ராஸ் மெடிக்கல் கவுன்சிலில் பெயர் பதிந்து, ஐந்து வருஷம் விருதுநகரில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, அணைக்கட்டு இன்ஜினியரான கணவன் அழகர்சாமியோடு ஊர் ஊராகப் போனாள். மாமியார் படுக்கையில் விழுந்தார். ஆறு வருஷம் அப்படியே கிடந்தார். மகள் பிறந்தாள். டெல்லிக்கு மாற்றலாகி வந்தபோது வருஷம் 1981. அவளுக்கு வயது நாற்பத்தி இரண்டு. வேலையை விட்டுப் பதிமூன்று வருஷமாகியிருந்தது.

பஸ்ஸில் எதிரே உட்காரும் ஆளின் நகத்தைப் பார்த்து ரத்தம் போதாது என்று நினைப்பாள். பக்கத்து வீட்டுக் கிழவர் இருமும்போது கையிலிருக்கும் கரண்டியை நிறுத்திக் கேட்பாள். யாரிடமும் சொல்வதில்லை. கேட்டவர்கள் யாருமில்லை.

கரோல் பாக்கில் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு இலவச டிஸ்பென்சரி நடத்தினார்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து ஜுக்கி எனும் குடிசைகளில் குடியிருந்த நம் ஊர்ச் சனங்களுக்காக ஆரம்பித்தது. அங்கே இருந்த டாக்டர் மகனோடு பம்பாய்க்குப் போய்விட்டதால் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சாந்தகுமாரி கணவனிடம்கூடச் சொல்லாமல் பீரோவிலிருந்து பட்டச் சான்றிதழையும் பதிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டிஸ்பென்சரியின் செயலாளர் ஜோதிலிங்கம் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். தஞ்சாவூர்க்காரர். சான்றிதழ்களை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. எங்களுக்கும் லேடி டாக்டர் இருந்தா தேவலைன்னுதான். பொம்பளைங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாங்க." நம்பரைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். "இத ஒரு தடவ சரி பார்த்துட்டு ஆள் அனுப்பறேன்."

"சர்டிபிகேட் ஒரிஜினல்தான் சார்."

"ஒரிஜினல்தான். நான் அத சொல்லல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது." அவர் சான்றிதழ்களை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தாரு. அவர் காட்டுனதும் ஒரிஜினல்தான். ஆனா அது செத்துப்போன அவரு பெரியப்பாவோடது. ஒரு அம்மாவுக்கு ஊசி போட்ட கை சீழ் வச்சு, அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. பேப்பர் எத்தனை வருஷமும் அப்படியே கெடக்கும்மா. இன்னிக்கு தேதிக்கு பேர் இருக்கான்னு பதிவேட்டத்தான் கேக்கணும்."

டெல்லிக்கென்று அப்போது தனி மெடிக்கல் கவுன்சில் கிடையாது. வேறு மாநிலத்தில் பதிந்து, அந்தப் பெயர் அகில இந்தியப் பதிவேட்டிலும் ஏறியிருந்தால் இங்கே தொழில் செய்யலாம். ஜோதிலிங்கம் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, இந்திய மெடிக்கல் கவுன்சில் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா பழைய அச்சுப் பட்டியலில் அவள் பெயரைக் காட்டினார். பிறகு வந்த பட்டியலைப் புரட்டினார். அதில் இல்லை. "அச்சுப் பிழையாகவும் இருக்கலாம் சாப். மெட்ராஸ் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதிக் கேளுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். ஜோதிலிங்கம் அன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதினார். இந்தப் பெயர், இந்த எண், இந்த வருஷம். இன்றைய தேதியில் பதிவு செல்லுமா?

சாந்தகுமாரிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வெள்ளைக் காட்டன் புடவை இரண்டைக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போனதும், கோல் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய குழந்தை வைத்தியப் புத்தகத்தைத் திறந்து உட்காருவாள். மருந்துகளின் பெயர்கள் மாறியிருந்தன. தான் படித்தபோது இல்லாத மருந்துகளைத் தனித் தாளில் எழுதி மனப்பாடம் செய்தாள்.

இருபத்தி மூன்றாம் நாள் பதில் வந்தது. ஜோதிலிங்கம் தானே கிட்வாய் நகருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அழகர்சாமியும் வீட்டில் இருந்தான். அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

பதிவேட்டைத் திருத்தும் பணியில், இன்னும் தொழில் செய்கிறாரா, முகவரி மாறியதா என்று கேட்டு அவரது பதிவு முகவரிக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. ஆறு மாதம் வரை பதில் வராததால் 1974-இல் பெயர் நீக்கப்பட்டது. தற்சமயம் பதிவு செல்லாது. அவ்வளவுதான் இருந்தது.

"தப்பு தண்டான்னு எடுக்கல மேடம்" என்றார் ஜோதிலிங்கம். "பதில் போடாததுனால எடுத்துட்டாங்க. படிப்பு படிப்புதான், அத யாரும் எடுக்க முடியாது. மறுபடி சேக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனா அது வர்ற வரைக்கும் எங்களால..."

"புரியுது சார்."

"எங்க சங்கத் தலைவர் அப்பாவு சார்கிட்ட சொன்னேன். ஏழைங்களுக்கு இலவசமா பாக்கறதுக்கு எவன் வந்து கேக்கப் போறான், உக்கார வைய்யாங்கறார். நான் ஒத்துக்கல. என்னைத் திட்டாதீங்க."

"நீங்க செஞ்சது சரி" என்றாள் சாந்தகுமாரி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அவர் போன பிறகு அவள் கடிதத்தை மறுபடியும் படித்தாள். "விருதுநகர் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. அப்பா போனப்புறம் தம்பி இருந்தானே அங்க. வந்த லெட்டரை எல்லாம் நாம அப்ப இருந்த தல்வாரா அணைக்கட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவான். இது மட்டும் எப்படி வராமப் போச்சு?"

அழகர்சாமி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"வந்துச்சு சாந்தா."

அவள் நிமிர்ந்தாள்.

"நான்தான் பிரிச்சேன். அம்மாவுக்கு ரொம்ப முடியாம இருந்த நேரம். நீ ராவும் பகலும் அவங்க பக்கத்துலயே கெடந்த. இத காட்டுனா நீ வருத்தப்படுவியேன்னு நெனச்சேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு ஆபீஸ் பையிலயே வச்சேன். அப்புறம்..." அவன் நிறுத்தினான். "இல்ல. நீ வருத்தப்படுவியேன்னு மட்டும் இல்ல. நீ வேலைக்குப் போறேன்னு கேட்டா அம்மாவ யாரு பாப்பான்னு பயந்தேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். பதிவேட்டில் பெயரே இல்லாமல் ஏழு வருஷமாகத் தான் ஒரு டாக்டர் என்று நினைத்துக்கொண்டு இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எந்த நாளும் திரும்பிப் போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது என்ற நினைப்பில்தான் இத்தனை வருஷத்தையும் தள்ளியிருந்தாள்.

மறுநாளே மனு எழுதினாள். பட்டத்தின் நகல், பழைய பதிவுச் சான்றிதழ், மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழி. கூடப் படித்தவர்களில் பதிவுள்ள இரண்டு பேரிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு எழுதியபோது, 'நான் இப்போது' என்று தொடங்கி அடுத்த வார்த்தை வராமல் இரண்டு தாளைக் கிழித்தாள். கோர்ட் வாசலுக்கு அழகர்சாமி கூட வந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம், சேர்க்க வேண்டிய தாள் ஒன்றை ஜோதிலிங்கத்திடம் காட்டிக் கேட்க அவள் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாள். அவர் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. கம்பவுண்டர் வேலு மட்டும் இருந்தான். அப்போது ஆராயி என்ற சித்தாள் ஒருத்தி எட்டு மாதக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு நாளா காச்சலுங்க. பால் எடுக்க மாட்டேங்குது. டாக்டர் எங்கீங்க?"

சாந்தகுமாரி துணியை விலக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே சதை உள்ளே குழிந்தது. மூக்கு விடைத்தது. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. நுரையீரலில் சளி கட்டிய காய்ச்சல், முற்றிவிட்டது. அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வேலு மருந்து அலமாரியின் சாவியை நீட்டினான். "பென்சிலின் இருக்கு மேடம். நீங்க போடுங்க. ஜோதிலிங்கம் சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

அவள் கை சாவியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"இங்க ஆகாது வேலு. ஆக்சிஜன் வேணும். ஆட்டோ கூப்புடு, ஜல்தி."

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் போனாள். பணியிலிருந்த இளம் டாக்டரிடம் எத்தனை நாள் காய்ச்சல், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, பால் எப்போது நிறுத்தியது என்று வரிசையாக ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டே, "நீங்கள் டாக்டரா?" என்றான்.

அவள் வாய் திறந்தது. பழக்கத்தில் 'ஆமாம்' வரப் பார்த்தது.

"இல்லை" என்றாள்.

குழந்தைக்கு மூக்கில் குழாய் வைத்து ஊசி போட்டார்கள். மாலைக்குள் உதடு சிவந்தது. ஆராயி வராந்தாவில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நடந்தவர்களைச் சாந்தகுமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போகக் கால்கள் துடித்தன. நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள்.

மெட்ராஸிலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆனது. பெயர் மறுபடி சேர்க்கப்பட்டது. பழைய எண்தான். அதற்குள் டிஸ்பென்சரியில் ஓய்வுபெற்ற ரயில்வே டாக்டர் ஒருவர் அமர்ந்துவிட்டார். சங்கத்தால் அத்தனை நாள் காத்திருக்க முடியவில்லை. அவருடைய பதிவையும் ஜோதிலிங்கம் எழுதிக் கேட்டுத்தான் வைத்தார்.

சாந்தகுமாரி கொண்டுவந்த கவுன்சில் கடிதத்தைப் படித்ததும் ஜோதிலிங்கம் டைரியைத் திறந்து கிழமைகளைப் பார்த்தார். "முழு நேரம் முடியாது மேடம். செவ்வாயும் வெள்ளியும் காலைல பொம்பளைங்க, கொழந்தைங்க மட்டும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், அடுத்த செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள் இருப்பதை நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். முதலில் வந்த பொன்னியின் வயிற்றை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். மூன்றாவது ஆளுக்கு ஒரு தடவை போதுமாயிருந்தது. ஒரு மருந்தின் அளவு சந்தேகமாக இருந்தது. கூச்சப்படாமல் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதினாள்.

மதியம் அழகர்சாமி ஸ்கூட்டரோடு வாசலில் நின்றான்.

"எத்தன பேரு?" என்றான்.

"பதினொண்ணு."

"அச்சா." ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் நின்றான். "சாந்தா, அந்த லெட்டர அன்னிக்கே நான் காட்டியிருந்தா..."

"இன்னும் எத்தனையோ பேரப் பாத்திருப்பேங்க" என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கரோல் பாக் கடைத்தெரு நெரிசலில் ஸ்கூட்டர் நின்று நின்று போனது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தி டிஸ்பென்சரி இருந்த திசையில் அவசரமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் தெருக்கோடியில் மறையும்வரை சாந்தகுமாரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.