கல்மேஷ் குடித்த பதினான்கு டீ

எண்களைப் பொறுத்தவரை என் நினைவை நான் நம்புவதில்லை. இருபத்துமூன்று பேர் என்று எழுதப்போகிறேன், இருபத்திரண்டாகவும் இருக்கலாம். மழை பெய்ததா என்றும் உறுதியில்லை. வட கர்நாடகத்துத் தார்வாடில் நடந்த எதை நினைத்தாலும் அதில் மழை தானாகப் பெய்துகொண்டிருக்கிறது. ஈரண்ணாவின் மீசை கருகியது மட்டும் நிச்சயம்.

கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பின்வாசலுக்கு எதிரே ஈரண்ணாவின் டீக்கடை. நான் அதிகம் பேசாத ஆள் என்பதால் மூலை பெஞ்சை எனக்கென்று விட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, ஈரண்ணா போனில் பிரபலமாவதை ஒரு வருடம் பார்த்தேன். மண்குவளையில் டீயை ஊற்றி அதன்மேல் கற்பூரத் தீயை எழுப்பி, "நெருப்பு டீ" என்று வீடியோ போட்டார். மூன்றாவது வீடியோவில் இடது மீசை போயிற்று. அந்த வீடியோதான் ஓடியது. தொடர்பவர்கள் நாற்பத்தோராயிரம் பேர்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் கட்டிடம் வைத்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். "இவ்வளவு ஜனம் உங்களுக்கு இருக்கு, இந்தச் சந்துல என்ன பண்றீங்க? என் இடத்துக்கு வாங்க" என்றார். அடுத்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். போவதென்றால் இந்தக் கடையை விட்டுவிட வேண்டும். இரண்டு கடை நடத்த ஈரண்ணாவால் முடியாது.

மனைவி கஸ்தூரி கிர்மிட் என்னும் காரப்பொரியைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏன்ரீ, அந்த நாற்பத்தோராயிரம் பேரும் எந்த ஊரு?"

ஈரண்ணா போனைத் தடவிப் பார்த்தார். பெங்களூரு, மும்பை, லக்னோ, குவைத். தார்வாட், நூற்றுக்கு இரண்டு.

"குவைத்துல இருந்து டீ குடிக்க வருவாங்களா?"

"வரமாட்டாங்க. ஆனா பார்க்கிறாங்கல்ல?"

"பார்த்துட்டுப் போகட்டும். நாம கிளாஸ் கழுவறது யாருக்கு?"

கஸ்தூரி 'ஆஷா' சுகாதார ஊழியர். காலையில் கடை, அதன்பின் வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கணக்கு வைப்பவள். மறுநாள் ஒரு நீளப் பதிவேட்டைக் கொண்டுவந்து கல்லாமேல் போட்டாள்.

"முதல் ஊசிக்கு எத்தனை குழந்தை வந்துச்சுன்னு எங்க டாக்டரம்மா கேக்கவே மாட்டாங்க. மூணாவது ஊசிக்கு எத்தனை வந்துச்சு, வராதது எது, ஏன் வரலைன்னுதான் கேப்பாங்க. நீங்களும் அப்படிப் பாருங்க."

ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், முதலில் வந்த நாள், கடையை எப்படித் தெரியும்: வீடியோவா, நண்பனா, வழியில் கண்டதா. பிறகு ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம்; வந்தால் டிக், வராவிட்டால் காலி. பெயரைக் கேட்டால் யார் சொல்வார்கள்? அதற்கு ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள். டீக்கு ஒரு முத்திரை, பத்தாவது டீ இலவசம். ராத்திரி அட்டைப் பெயர்கள் பதிவேட்டுக்குப் போகும்.

நான்காவது வாரம் ஈரண்ணா என் அருகில் வந்து உட்கார்ந்தார். முகம் பழைய வடிகட்டித் துணிபோல இருந்தது.

"சார், வீடியோ பார்த்து வந்தவங்க நூத்தி நாப்பது பேர். நாலாவது வாரத்துல எத்தனை பேர் சொல்லுங்க."

நான் டீயை ஊதினேன்.

"ஆறு. அதுல ஒருத்தன் மறந்துட்டுப் போன குடையை எடுக்க வந்தான்."

"மத்தவங்க?"

"நண்பன் சொல்லி, வழியில பார்த்து வந்த கூட்டத்துல இன்னும் வர்றது இருபத்தஞ்சு. மொத்தம் முப்பத்தொண்ணு. முப்பத்தொரு பேரை வெச்சு எப்படி சார் கடை நடத்துறது? நெடுஞ்சாலைக்கே போயிடுறேன். அங்க தினம் புது முகமாவது வரும்."

கஸ்தூரி கிளாஸ்களைக் கழுவப் போனாள். அவளுடைய கர்ப்பிணிகள் இந்தத் தெருக்களில் இருந்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்று தெரியும்; சொல்லியிருக்கலாம். என் மௌனத்தை ஆழம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல சமயம் அது வெறும் திருட்டுத்தனம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியம்" என்றார் ஈரண்ணா. "பதிவேட்டுல கல்மேஷ்னு ஒரு பேரு; கூட்டத்துல எந்த முகம்னு தெரியலை, அவனுக்கு ஒரு சன்மானம் பண்ணணும். தினம் பதினாலு டீ குடிக்கிறான் சார்! ஒரு நாள் தவறலை. அவன் வயித்தை நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை சால்வை, மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை, பழக்கூடை எல்லாம் வந்தன. ஒலிபெருக்கியும் வந்தது. போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் விடுதிப் பையன்கள் கூட்டமாக நின்றார்கள்.

"எங்க கடையின் தலைசிறந்த வாடிக்கையாளர், ஸ்ரீ கல்மேஷ் அவர்கள், மேடைக்கு வரணும்!"

யாரும் வரவில்லை.

"கல்மேஷ், வெட்கப்படாதே தம்பி!"

பையன்கள் ஒருவனை ஒருவன் தள்ளினார்கள். கடைசியில் மகாந்தேஷ் என்ற தடியன் முன்னால் வந்து விழுந்தான்.

"நீதான் கல்மேஷா?"

"இல்ல காகா. நான் காலையில எட்டு மணிக் கல்மேஷ்."

"அப்படின்னா?"

"பத்து மணிக்கு இவன் கல்மேஷ். சாயங்காலம் அவன்."

விஷயம் வெளியே வந்தது. இலவச டீ சீக்கிரம் கிடைக்க விடுதிக்கே ஒரே அட்டை. கல்மேஷ் என்பவன் போன வருஷமே சப்-இன்ஸ்பெக்டராகி பெல்காமுக்குப் போய்விட்டான். அறைக் கதவில் பெயர் மட்டும் அழியாமல் இருந்தது. அதுவும் போக, அவர்கள் குடித்ததெல்லாம் பை-டூ, ஒரு டீ இரண்டு கிளாஸில். முத்திரை டீக்கு ஒன்று; வாய் இரண்டு.

"நாலு இலவச டீ ஏமாத்தினீங்களா?" ஈரண்ணா பேட்டாவை ஓங்கினார்.

"நாலு இல்ல காகா, முப்பத்தொம்பது. ரெண்டு நூலக சார் குடிச்சாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழக்கூடையைப் பார்த்தேன்.

கஸ்தூரிதான் சிரித்தாள். சிரித்தபடியே பதிவேட்டைப் பிரித்தாள்.

"ஒரே பேர்ல இருபத்துமூணு பிள்ளை! எங்க ஆபீஸ்ல இப்படி எழுதியிருந்தா என் வேலை போயிருக்கும். வரிசையா நில்லுங்கடா. பேரு சொல்லு. சொந்தப் பேரு!"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது; ஈரண்ணாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஏமாற்றியவர்கள் அத்தனை பேரும் தினமும் வந்தவர்கள். பதிவேடு டீயை எண்ணியிருந்தது, ஆளை எண்ணவில்லை.

மாத முடிவுக்கு இரண்டு வாரம் இருந்தது. கணக்கைத் திருத்தினார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தனி அட்டை. பை-டூ என்றால் இரண்டு அட்டையிலும் அரை முத்திரை. நீதிமன்ற எழுத்தர்கள், ஆட்டோக்காரர்கள், எங்கள் நூலகத்துக் காவலாளி என்று பை-டூவின் மறுபாதிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இரண்டு வாரமும் தவறாமல் வந்தவர்கள் தொண்ணூற்றேழு பேர். அவர்களில் வீடியோ பார்த்து வந்தவர்கள் ஐந்து பேர். குடையை எடுத்தவன் திரும்பவில்லை.

கடைசி நாள் கட்டிடக்காரர் போன் செய்தார்.

"வரலை ரீ" என்றார் ஈரண்ணா. "ஜனம் இங்க இருக்கு."

"நாற்பத்தோராயிரம் பேரும்?"

"தொண்ணூத்தேழு. பேர் சொல்லட்டுமா?"

அவர் உண்மையாகவே படிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவது பெயரில் மறுமுனை வைத்துவிட்டது.

அதன்பின் ஈரண்ணா வீடியோ போடவில்லை. மீசை முளைத்துவிட்டது. பத்து நாள் ஒருவன் வராவிட்டால் அவனுடைய நண்பனிடம் காரணம் கேட்பார். கேட்டதில், பையன்கள் விடியுமுன்பே படிக்க எழுகிறார்கள் என்று தெரிந்துதான் தேர்வு மாதங்களில் கடையைக் காலை ஐந்துக்கே திறந்தார். கஸ்தூரி இன்னும் ஆஷா வேலையிலும் கடையிலும் இருக்கிறாள். மகாந்தேஷ் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை கான்ஸ்டபிளானான். நெடுஞ்சாலைக் கட்டிடத்தில் டயர் கடை வந்தது. எனக்குத் தனி அட்டை உண்டு. இரண்டு இலவச டீயை அதில் கழித்துக்கொண்டார்கள்.