நீலப் புள்ளி

கன்னத்தில் அறை விழுந்த பிறகுதான் சுத்தம்மா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். எதிரே நின்றவளுக்கு ஐம்பது வயதிருக்கும். அடித்த கையை அவள் இன்னும் இறக்கவில்லை. மறு கையில் கசங்கிய ஒரு தாள்.

"இதைப் பண்ணினது நீதானே?"

"யாரும்மா நீங்க? வந்ததும் வராததுமா கைநீட்டுறீங்க?"

"இன்னொண்ணு வாங்கிட்டுக் கேளு, சொல்றேன்."

பக்கத்து மேஜையில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்களே தவிர, கிட்டே வரவில்லை. கண்ணாடி அறைக்குள் இருந்த ஓனர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வம்பு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு போன் வரும்.

அது ஸ்கேனிங் கூடம். மூடிப்போன கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து, பிறகு மஞ்சளையும் கறையையும் நீக்கி, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக மாற்றி, பக்கம் நாற்பது கேபிக்கு மிகாமல் பிடிஎஃப் ஆக்கித் தர வேண்டும். தாளெல்லாம் அதன்பிறகு கூழுக்குப் போய்விடும். மாற்றுகிற வேலை சுத்தம்மாவுடையது. அவள் கைபட்ட பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வந்தவள் தாளை மேஜைமேல் அறைந்தாள். "படி."

சாய மில்லின் முதலுதவிப் பதிவேடு. ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கம். ஒரு எழுத்திலும் புள்ளியில்லாத வரியைச் சுத்தம்மா வாய்விட்டுப் படித்தாள். 'மேஸதிரி. வலது முனகையில பல காயம. மருநது வைததுக கடடியது.'

"பல காயம்னு இருக்கு."

"பல காயமா? பல் காயம்டி! பல்லு! என் தங்கச்சி கடிச்ச காயம்!"

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு கதை முழுவதும் கொட்டியது. தங்கை அந்த மில்லில் வேலை பார்த்தவள். மேஸ்திரி அவளைச் சாயப் பிரிவில் மடக்கியிருக்கிறான். முடியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதி, கொதிக்கிற சாயத்துக்குள் தள்ளியிருக்கிறான். வெளியே எடுத்தபோது இடுப்புவரை தோல் இல்லை. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மில் எழுதி மூடியது. அவள் தொட்டியில் விழுந்த சற்று நேரத்தில் மேஸ்திரி கையில் கட்டுப் போட்டுக்கொண்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வருடம் மில் நர்ஸ் சாகக் கிடந்தபோதுதான் இவளைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டாள். "அது பல்லு பட்ட காயம். அவன் இயந்திரத்துல மாட்டினேன்னான். நான் கண்ணால பார்த்ததைத்தான் புக்குல எழுதினேன்." அவ்வளவு சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அதை வைத்து இவள் வழக்கை மறுபடி திறக்க வைத்தாள்.

"நேத்து கோர்ட்டுல இந்தத் தாளைக் காட்டினா, அவன் வக்கீல் சிரிக்கிறான். பல காயம்னா கம்பி கிழிச்சது, பல இடத்துல கிழிச்சதுன்றான். நர்ஸ் புள்ளியே வைக்காம எழுதுறவளாம். அந்த நர்ஸ் எனக்குக் கடிதாசு போட்டிருக்காம்மா. ஒரு புள்ளி விட்டதில்லை. அந்தப் புள்ளியெல்லாம் எங்கே போச்சு? நீ என்ன பண்ணினே?"

சுத்தம்மா தாளை மறுபடி கையில் எடுத்தாள். என்ன பண்ணினாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மூட்டை முழுக்கப் பூஞ்சைக் கறை. பக்கத்துக்கு ஆயிரம் பழுப்புப் பொட்டு. ஒவ்வொரு பொட்டும் கறுப்பாக மாறி எழுத்தை மறைத்தது. ஃபைலும் மூன்று மடங்கு பெருத்தது. அதனால் மென்பொருளில் பொடிநீக்கியை ஐந்தில் வைத்தாள். ஐந்து பிக்சல் அளவுக்குள் தனியாக நிற்கிற எந்தப் பொட்டையும் அது தின்றுவிடும். பேனா முனை தொட்ட புள்ளி அதைவிடப் பெரிதா என்ன? கறையோடு சேர்த்து அத்தனை மெய்யெழுத்தின் தலையிலும் கைவைத்திருக்கிறாள்.

"உட்காருங்க அக்கா," என்றாள்.

"உட்கார வரலை நான்."

"உட்காருங்க. கலர் ஸ்கேன் இன்னும் அழிக்கலை."

டிஸ்க்கைச் செருகினாள். தனி மின்வயரோடு கைப்பை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே தட்டு சுழலும் முனகல் கேட்டது. பக்கம் கலரில் திறந்தது. வெயிலில் காய்ந்த இலை மாதிரி மஞ்சள் தாள், அதில் நீல மை. பெரிதாக்கினாள். 'ல'வின் தலையில் மணிபோல ஒரு புள்ளி.

அக்காக்காரி திரையைத் தொட்டாள். "இருக்கு. இருக்குடி!"

"இருக்கு. ஆனா பக்கத்துல பாருங்க, அதே அளவுல ரெண்டு பூஞ்சைப் பொட்டு. இதுவும் பூஞ்சைதான்னு சொல்லிடுவான் அந்த வக்கீல்."

"அப்போ?"

"கலர் படம்னா உள்ளே சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு படம். நான் மூணையும் கலந்து சாம்பலாக்கி மாத்தினேன். அதான் தப்பு. சிவப்பை மட்டும் எடுத்திருக்கணும்." தட்டினாள். மஞ்சள் தாள் வெளுத்தது. பழுப்புப் பொட்டுகள் மங்கி மங்கித் தாளோடு கரைந்தன. நீல மை மட்டும் கன்னங்கறேலென்று நின்றது. "மஞ்சளும் பழுப்பும் சிவப்புல வெளுத்துரும். நீல மை கறுத்துரும். பூஞ்சையா இருந்தா இந்தப் புள்ளி போயிருக்கணும். போகலை."

பொடிநீக்கியைப் பூஜ்யத்தில் வைத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். சுத்தமான பக்கம். எல்லாப் புள்ளியும் அதனதன் இடத்தில். முப்பத்தெட்டு கேபி.

"இவ்வளவுதானா? இதை அப்பவே பண்ணியிருக்கக் கூடாதா பாவி?"

"பண்ணியிருக்கணும்," என்றாள் சுத்தம்மா. அடித்த கன்னம் இப்போதுதான் எரிந்தது.

அக்காக்காரியின் வக்கீலுக்குப் போன் போட்டார்கள். கறுப்பு வெள்ளை பத்தாது, அதில் மை எது கறை எது என்று காட்ட முடியாது. நகலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஸ்கேன் பதிவான அந்த டிஸ்க்கையே இன்றைக்குக் கோர்ட்டில் ஒப்படையுங்கள் என்றார்.

ஓனர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "டிஸ்க் எங்கேயும் போகாது. வேலை முடிஞ்சா கலரை அழிக்கணும்னு மில்லுக்காரங்ககிட்ட கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கொலை சார் இது."

"அது கோர்ட்டு பார்த்துக்கும். நீ அழி." சொல்லிவிட்டுப் போனோடு மாடிப்படியில் இறங்கினார். இந்த முறை நிஜமாகவே யாருடனோ பேசினார்.

ஒப்படைக்கும் சான்றிதழில் டிஸ்க்கின் எண்ணையும், ஒவ்வொரு ஃபைலின் தேதியையும் எழுதி முடிக்க முக்கால் மணி ஆனது. கடைசி வரியில் இருக்கும்போது கீழே ஒரு பெண் அலறினாள். படியில் இரும்பு இழுபடும் சத்தம்.

"கலர் படம் ஓட்டுறீங்களாமே, எனக்கும் ஒரு டிக்கெட் குடுங்கம்மா!"

அக்காக்காரி வெளிறிப்போனாள். "மேஸ்திரி."

பாய்ந்து போய்க் கதவைத் தாழிட்டாள். ஸ்டூலை முட்டுக் கொடுத்தாள். முதல் அடியில் கதவின் கண்ணாடி நொறுங்கிக் கூடமெங்கும் சிதறியது.

"பிடுங்கிட்டு வாடி! பின்பக்கமா ஓடிரலாம்!"

"பிடுங்கக் கூடாது அக்கா! தட்டு சுத்துது! சுத்தும்போது ஒரு குலுக்கு குலுங்கினா கீறிப் போயிரும், ஒண்ணுமே மிஞ்சாது!" சுத்தம்மா வெளியேற்றும் பட்டனை அழுத்தினாள். பெட்டியின் விளக்கு சிமிட்டியது. நின்றபாடில்லை. முனகல் இறங்கி அடங்கப் பத்து நொடியாகும்.

உடைந்த கண்ணாடி வழியாகக் கம்பி உள்ளே வந்தது. தாழ்ப்பாள் பிய்ந்தது. ஸ்டூலோடு சேர்ந்து அக்காக்காரி சுவரில் போய் விழுந்தாள்.

"எது அது? அந்தக் கறுப்புப் பெட்டியா?"

சுத்தம்மா பெட்டியைத் தொடவில்லை. மேஜைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "இல்லை சார். அது ஒண்ணுமில்லை சார்."

"நகருடி."

"மாட்டேன்."

கம்பி அவள் வலது தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிவது அவள் காதுக்கே கேட்டது. அடுத்தது வாயில். உதடு பிளந்து ரத்தம் முகவாயில் வழிந்தது. அவள் விழவில்லை, மேஜை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கம் காதைக் கொடுத்தாள். முனகல் இன்னும் இருந்தது. முழங்காலில் ஒரு அடி. முனகல் மெலிந்தது. அவன் முடியைப் பிடித்து இழுத்தான். முனகல் இல்லை.

வயரைப் பிடுங்கிப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் சுருண்டாள். அவன் மிதித்தான். விலாவில் மிதித்தான், கழுத்தில் மிதித்தான். பெட்டிக்கும் அவன் செருப்புக்கும் நடுவில் அவள் உடம்பு இருந்தது.

"ஒரு பொம்பளையை முழுங்கினது பத்தலையாடா உனக்கு!" அக்காக்காரி எழுந்து வந்து பழைய பேரேட்டுக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி அவன் பிடரியில் போட்டாள். அவன் மண்டியிட்டான். மறுபடி போட்டாள். தாள் அடுக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களும் அப்போதுதான் அசைந்தார்கள், ஒருத்தி அவன் கம்பியை மிதித்துக்கொண்டாள், இன்னொருத்தி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, "போலீஸு! போலீஸு!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் கோர்ட்டில் சுத்தம்மாவின் வலது கை மார்போடு கட்டியிருந்தது. உதட்டில் ஏழு தையல். இடது கையால் மவுஸ் பிடித்ததில் அம்பு திரையெல்லாம் தடுமாறியது.

"யுவர் ஆனர், அது வெறும் பூஞ்சை," என்றான் எதிர்த்தரப்பு வக்கீல்.

"சிவப்பை மட்டும் காட்டறேன்யா," என்று தையலுக்குள்ளிருந்து முனகினாள் சுத்தம்மா. ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். தாள் வெளுத்தது. பொட்டுகள் கரைந்தன. முன்கையின் புள்ளி, காயத்தின் புள்ளி, பல்லின் புள்ளி மூன்றும் கறுத்து நின்றன.

"பூஞ்சை எங்கே வக்கீல் சார்?" என்றார் ஜட்ஜ்.

கூண்டுக்குள்ளிருந்து மேஸ்திரி தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவன் கையை முறுக்கித் தரையோடு அழுத்தினார்கள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஜட்ஜ் அந்தக் கத்தலுக்கு மேலே குரலை உயர்த்தி டைப்பிஸ்ட்டிடம், "வலது முன்கையில் பல் காயம். எழுதும்மா. லகரத்துக்குப் புள்ளி வை," என்றார்.

அக்காக்காரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சுத்தம்மாவின் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கடிச்சிருக்காடி. கட்டுப் போடுற அளவுக்குக் கடிச்சிருக்கா. எல்லாரும் வழுக்கி விழுந்தாள்னாங்களே."