படத்தின் இடது

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கலர் லேபில் ஒன்பது வருடமாக நான் ஆட்களை வெட்டிக்கொண்டிருக்கிறேன். செல்போனில் எடுத்த படம் நாலுக்கு ஆறு காகிதத்தில் அப்படியே உட்காராது. போன் படம் சற்றுச் சதுரம், காகிதம் சற்று நீளம். படுக்கைவாட்டில் எடுத்த படமென்றால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயாக வேண்டும். மேலே விடுவதா, கீழே விடுவதா என்று கேட்டால் வருகிறவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ஏதோ ஒண்ணு பண்ணுமா" என்பார்கள். பிரேம் போட்டதும் வந்து, கோபுரத்துக் கலசம் எங்கே, கொலுசு எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் பார்க்காததை நான் பார்த்திருக்க வேண்டுமாம்.

எங்கள் முதலாளி பச்சையப்பன் அண்ணன் என் கம்ப்யூட்டருக்கு மேலே ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'உங்க லெஃப்டா, படத்தோட லெஃப்டா?' படத்தில் இருப்பவர் தான் நின்ற ஞாபகத்தில் இடது என்பார். பார்ப்பவருக்கு அது வலது. ஒரு கல்யாண ஆல்பத்தில் மாமியாரை வெட்டச் சொன்னதில் தாய்மாமன் வெட்டுப்பட்டுவிட்ட பிறகு ஒட்டிய அட்டை அது. பக்கம் சொல்கிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்காமல் நான் மவுஸைத் தொடக் கூடாது.

பிரசன்னா பென்டிரைவை மேஜைமேல் எறிந்த நாளில் அட்டை அங்கேதான் இருந்தது.

ஒரகடத்தில் காருக்கு வயர் கொத்து கட்டும் கம்பெனி ஒன்றில் அவன் எச்.ஆர். கழுத்தில் அடையாள அட்டை, காதில் எப்போதும் யாரோ. நாலாவது லைனில் ஆறு மாதமாக ஒரு குறைகூட வெளியே போகவில்லை என்று பரிசு கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் வரிசையாக நிற்கும் படம், நல்ல கேமராவில் எடுத்தது. முந்தின வாரமே அதை நாலுக்கு ஆறில் எட்டுப் பிரதி போட்டுக் கொடுத்திருந்தேன். கேமரா படத்துக்கும் நாலுக்கு ஆறுக்கும் ஒரே கணக்கு என்பதால் ஓரம் எதுவும் போகவில்லை. இப்போது பன்னிரண்டுக்குப் பதினைந்தில் வேண்டுமாம். பிரேம் வாங்கியாகிவிட்டதாம்.

"பிரேம வாங்கிட்டுத்தான் படத்துக்கு அளவு பாப்பீங்களா?" என்றேன்.

"ரிசப்ஷன் வால் ஃபுல்லா அந்த சைஸ்தான் சிஸ்டர். யூனிஃபார்மா இருக்கணும்ல."

படத்தைத் திரையில் விரித்துப் பன்னிரண்டுக்குப் பதினைந்தில் வெட்டும் சட்டத்தை அதன்மேல் வைத்தேன். உயரம் பன்னிரண்டு வந்தால் படத்தின் அகலம் பதினெட்டு. மூன்று அங்குலம் வெளியே நின்றது. மூன்று அங்குலம் என்பது அந்தப் படத்தில் சுவர் கொஞ்சமும் ஓர் ஆளும்.

எட்டுப் பேருக்கும் முன்னால் ஒரு பேனர். திரையில் இடது ஓரத்தில் அதைப் பிடித்திருந்தது பிரசன்னாவேதான். லைனில் ஒரு நாள்கூட நின்றிராதவன். அவன் வயிற்றுக்கு நேரே, சக்கரம் மாதிரி பெரிய பூஜ்யம். அதற்கடுத்து ஆங்கிலத்தில் 'டிஃபெக்ட் லைன் 4'. வலது ஓரத்தைப் பிடித்திருந்தது பாஞ்சாலி அக்கா.

அவள் கம்பெனி பஸ் எங்கள் கடை வாசலில்தான் இறக்கிவிடும். பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட். வயர் கொத்தைக் கட்டைவிரலால் நீவியே எந்த இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவாள். ஆறு மாதமாக வெளியே போகாத குறைகளெல்லாம் அந்த விரலில் நின்றவை. சான்றிதழ் கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான். காண்ட்ராக்டுக்குப் படம் மட்டும். "படத்துலயாச்சும் கீறேனே" என்று அவள் முந்தின வாரம் சொன்னாள். வாடகை வீட்டின் ஓனரிடம் கெஞ்சிச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி வாங்கியிருந்தாள். கம்பெனியில் தருவதாகச் சொல்லியிருந்த பெரிய பிரேமுக்கான ஆணி.

"நடுவுல வெச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி போவும்" என்றேன். "உங்களுக்கு ஒரு தோள், அவங்களுக்கு ஒரு தோள்."

"அதெப்படி? பாதி பாதியா நின்னா சிரிக்க மாட்டாங்களா?" திரையைப் பார்த்தான். "அந்தம்மா காண்ட்ராக்ட்தானே?"

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"எதுக்கும் மேனேஜரக் கேட்டுட்டு மெசேஜ் போடறேன். நாளைக்கு ஜப்பான்காரங்க வராங்க. ஆளுக்கு ஒண்ணு, ரிசப்ஷனுக்கு ஒண்ணு, மொத்தம் ஒம்பது காப்பி. நீங்க ஜாஸ்தி யோசிக்காதீங்க சிஸ்டர், சொல்றத மட்டும் பண்ணுங்க, போதும்."

போய்விட்டான். அவன் சென்ட் மட்டும் ஒரு மணி நேரம் கடையில் இருந்தது.

ஓர் உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். எந்த ஓரத்தையும் இழக்காமல் அந்தப் படத்தைப் போட ஒரு வழி இருந்தது. அகலம் பதினைந்தை முழுதாக எடுத்துக்கொண்டால் உயரம் பத்து வரும். மேலேயும் கீழேயும் ஓர் அங்குலம் வெள்ளை விடலாம். பிரேமும் அதேதான். யார் கேட்டாலும் சொல்வேன். இவனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜாஸ்தி யோசிக்காதே என்கிறவனுக்கு என் யோசனையில் ஒரு துண்டைக்கூடத் தரக்கூடாது என்று தோன்றியது. அதை நான் ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மெசேஜ் வந்தது. 'லெஃப்ட் சைடு கட் பண்ணிடுங்க. அர்ஜென்ட்.'

அவன் எந்த இடதைச் சொல்கிறான் என்பது எனக்கு உடனே புரிந்தது. படம் எடுத்தபோது வரிசை முழுக்க அவனுக்கு இடப்பக்கம் நின்றது. அதன் கடைசியில் பாஞ்சாலி அக்கா. அவன் இடது அவள். படத்தின் இடது அவனேதான்.

தலைக்கு மேலே அட்டை. நிமிர்ந்து பார்த்தேன். கேட்கவில்லை. சட்டத்தை வலது ஓரத்தோடு ஒட்டவைத்து, இடது மூன்று அங்குலத்தை விட்டேன். பிரசன்னா போனான், பூஜ்யம் போனது. 'டிஃபெக்ட் லைன் 4' என்ற பேனருக்குப் பின்னால் ஏழு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பிரதி. ஒவ்வொன்றும் மெஷினிலிருந்து வெதுவெதுப்பாக வரும்போது எனக்கு உள்ளே ஏதோ இனித்தது. நியாயம் செய்கிறபோது இனிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாலை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்ட பிரசன்னா, மறுநாள் காலை ஒன்பதரைக்கு, பிரித்த கவரோடு வந்தான்.

"இன்னா சிஸ்டர் இது? டிஃபெக்ட் லைனா?"

"லெஃப்ட்னு போட்டிருந்தீங்க."

"என் லெஃப்ட்."

"உங்க மெசேஜ்ல அது இல்லியே." போனை நீட்டினேன்.

"கண்ணு இல்லியா உங்களுக்கு? படிச்சவங்கதானே? ஒரு பேனரப் படிக்கத் தெரியாதா?"

"ஜாஸ்தி யோசிக்க வேணாம்னீங்க."

அவன் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் நிதானமாகப் பார்த்தேன். இத்தனை மெனக்கெட்டு உடுத்தி, இத்தனை இங்கிலீஷ் பேசி, கடைசியில் தன் இடது எதுவென்று சொல்லத் தெரியாத ஆள். பச்சையப்பன் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

"இல்லண்ணா."

"ஒம்பது வருஷத்துல நீ கேக்காம வுட்டதில்லியே." பிரசன்னாவின் கையிலிருந்த கவரை வாங்கி என் மேஜைமேல் வைத்தார். "சாருக்கு வேற போட்டுக் குடு. இது நம்ம தப்பு."

பதினோரு மணிக்கு ஜப்பான்காரர்கள் வருகிறார்கள். பிரசன்னா திரையில் விரலை வைத்து அழுத்தினான். "இந்தப் பக்கம். இந்தம்மா. புரியுதா?" சட்டத்தை நகர்த்தினேன். வலது மூன்று அங்குலம் போனது. பேனர் ஓரம்வரை ஓடி நின்றது. அந்தப் பக்கம் யாரும் பிடிக்கத் தேவையில்லாதது மாதிரி இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம், வெள்ளை விட்டுப் போடலாம் என்று. அவன் அவசரத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்பது பிரதி போட்டேன். தோற்றுவிட்ட கோபத்தில் எனக்குப் பாஞ்சாலி அக்கா ஞாபகமே வரவில்லை.

முதல் ஒன்பது என் மேஜையில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றது. பாஞ்சாலி அக்கா பிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

"கலைமதி, இத்தப் பாரு." பிரேமைத் திருப்பினாள். "எல்லாருக்கும் குடுத்தாங்க, எனக்கும் குடுத்தாங்க. நானே இல்லாத போட்டோவ எனக்கே கையில குடுத்து, கை தட்றானுங்க."

"அந்தாளுதான்கா வெட்டச் சொன்னான்" என்றேன். நான் எதிர்பார்த்திருந்த நேரம் இதுதான். தனியாக வைத்திருந்த படத்தை எடுத்து நீட்டினேன். "மொதல்ல நான் அவனத்தான் வெட்டினேன். இது உனக்கு. பாரு, நீ இருக்கே, அவன் இல்ல."

வாங்கிப் பார்த்தாள். அந்த முதல் இங்கிலீஷ் வார்த்தையைப் படிக்க அவளுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. குறையுள்ள வயர்களைப் போடும் சிவப்புக் கூடையின்மேல் தினமும் படிக்கிறாள்.

"டிஃபெக்ட்டுனு போட்டு, பக்கத்துல என்ன நிக்க வெச்சிருக்கியா?"

"இல்லக்கா, அது அவனுக்கு—"

"அவன் எங்க கீறான் இதுல? நான்தானே கீறேன்." கட்டைவிரலால் அந்த எழுத்துகளை நீவினாள், வயரை நீவுகிற மாதிரி. "இத்த எங்கூட்டுச் சுவத்துல மாட்டணும். வரவன் போறவன் படிப்பான். நல்லா கீதுடி."

அவள் படத்தை மேஜைமேல் வைத்தாள். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பக்கமும் வெட்டாத போட வழியே கிடையாதா இதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மெஷின் தெரியாது.

"இருக்குக்கா. மேலயும் கீழயும் வெள்ளையா கொஞ்சம் வரும்."

"அந்தாளாண்ட சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

அவன் பேசிய விதம், மேஜைமேல் எறிந்த பென்டிரைவ், அந்தச் சிஸ்டர் என்கிற வார்த்தை. எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியவில்லை. அவனைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்க நினைத்திருக்கிறேன். அவன் சென்ட், அவன் இங்கிலீஷ், அவன் வயிற்றின் பூஜ்யம். இவளுடைய ஆணியை ஒரே ஒரு தடவை நினைத்தேன்.

"அவன் மேல கோவம்" என்றேன்.

பாஞ்சாலி அக்கா என்னைப் பார்த்தாள். நான் பிரசன்னாவைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அது நன்றாகத் தெரியும் என்பதால் உடனே அடையாளம் தெரிந்தது.

"அவன் ஆபீஸர், அவனுக்கு இந்த வழி தெரியாது. நீ தெரிஞ்சவ" என்றாள். "போடு. நான் நிக்கறேன்."

படத்தை மறுபடி விரித்தேன். சட்டத்துக்குள் முழுதாக அடங்கும்வரை சுருக்கினேன். எட்டுப் பேரும் வந்தார்கள். பூஜ்யத்தோடு பிரசன்னாவும் வந்தான். அவன் இல்லாமல் அவள் வர வழியில்லை. மெஷின் இழுத்து முடிக்கும்வரை அவள் நின்றாள்.

அவளே பிரேமின் பின்பக்க முள்ளை நெம்பி, பழைய படத்தை உருவி, புதியதை வைத்து மூடினாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மேல கீழ துணி போத்தின மாதிரி கீது."

"அது அப்படித்தான்கா வரும்."

"இருக்கட்டும்." கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, திரும்பாமலே, "மேஜ மேல கீற அந்த டிஃபெக்ட்ட கிழிச்சுப் போடு. எட்டையும். வெச்சிக்கினு சிரிக்காதே" என்றாள்.

அவள் போனதும் அவற்றை எடுத்தேன். அவள் வைத்துவிட்டுப் போனதோடு ஒன்பது. எட்டு என்று அவள் சொன்னது, தன் படத்தை அதில் சேர்க்காமல் இருக்கலாம். அல்லது ஒன்றை நான் எப்படியும் ஒளித்துவைப்பேன் என்று தெரிந்திருக்கலாம். ஒன்பதையும் கிழித்தேன். அந்தக் காகிதம் சுலபத்தில் கிழியாது.