முடிச்சிலிருந்த மணம்

திண்டுக்கல் பழச் சந்தையில் ராயப்பராஜின் மூக்கைப் பற்றி அதிகம் பேசியவன் ராயப்பராஜ்தான். அதனால், மீரான் ராவுத்தர் தம் மண்டியில் பழம் தரம் பிரிக்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமென்றதும், அந்த வேலை தனக்குத்தான் என்று மனைவி ரோசலினிடம் முதல் நாளே சொல்லிவிட்டான். அவளும் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

போட்டிக்கு வந்தது ஒருத்திதான். முறத்தில் பலாச்சுளை விற்கும் வியாகுலம்மாள். பாவம், ஆசைப்பட்டுவிட்டாள் என்று அவள்மேல் இரக்கப்பட்டு, ரோசலினுக்கென்று நான்கு சுளை வாங்கித் துண்டின் நுனியில் முடிந்துகொண்டான்.

முதலில் மாம்பழம். ஒவ்வொன்றாய் எடுத்துக் காம்படியில் முகர்ந்தான். தோல் மஞ்சளாக இருந்தும் காம்பில் மணமே இல்லாதவற்றை, புகை போட்டுப் பழுக்க வைத்தவை என்று தள்ளினான். முலாம்பழக் குவியலில் புளித்த வாடை லேசாக அடித்த மூன்றை, உள்ளே அழுகல் என்றான். அறுத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. ராவுத்தர் தலையாட்டினார். ராயப்பராஜுக்குத் தலை கனத்தது.

கடைசியில் சிறுமலைப் பலா, இருபது. அன்றைக்கே சின்னாளப்பட்டிக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், பழுத்ததாக மூன்று எடுக்கச் சொன்னார். பலாவைத் தூக்கி முகர முடியுமா? குனிந்தான். முதல் பழத்திலேயே கமகமவென்று மணம். இரண்டாவது, மூன்றாவது, எல்லாமே அப்படித்தான். தட்டிப் பார்ப்பது மூக்கில்லாதவன் செய்கிற வேலை என்பது அவன் கட்சி.

"இருவதும் பழம்தான் பாய். கண்ண மூடிட்டு ஏத்துங்க."

ராவுத்தர் ஒன்றைப் பிளக்கச் சொன்னார். வெள்ளைப் பால் கத்தியெல்லாம் ஒட்டியது. அடுத்ததும் பச்சைக் காய்.

வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

"துண்ட அங்கிட்டு வச்சிட்டு மோந்து பாருங்கண்ணே. குனியிறப்பெல்லாம் முடிச்சு மூக்குக்கு நேரா தொங்குது."

துண்டை வைத்துவிட்டு முகர்ந்தான். பச்சை வாடை. மூக்கு பிழை செய்யவில்லை, அவன் தோளில் கிடந்ததைச் சரியாகவே சொல்லியிருந்தது. வியாகுலம்மாள் முள் விரிந்து மழுங்கிய பழங்களாகப் பார்த்தாள், தட்டினாள், மணம் பிடித்தாள், மூன்றை உருட்டி வைத்தாள். மூன்றும் பழம். வேலையும் அவளுக்கே.

வீட்டில் ரோசலின் முடிச்சை அவிழ்த்தாள். மணம் அறையெல்லாம் பரவியது. ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இம்புட்டு நல்ல பழமா பாத்து எடுக்க ஒங்களத் தவிர யாரால முடியும்? அந்த வேலைய வேற யாருக்குக் குடுப்பாக?"

"வியாகுலம்மாளுக்கு," என்றான் ராயப்பராஜ். "இதும் அவ பாத்த பழம்தான்."

ரோசலின் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பிறகு இன்னொரு சுளையை எடுத்தாள்.