பாலில் பால் இல்லை

விண்ணப்பத்தில் ‘பலன்’ என்ற கட்டத்தை நிரப்ப சபிதாவுக்கு மூன்று நாள் பிடித்தது. செலவு எளிதாக வந்துவிட்டது. விமானக் கட்டணம், விசா, பயணக் காப்பீடு, விடுதி. பதிவுக் கட்டணத்தை மாநாட்டுக்காரர்களே விலக்கியிருந்தார்கள். அதையும் ஒரு வரியில் சேர்த்தாள்.

நாகர்கோவிலில் அவள் வரலாறு கற்பிக்கும் கல்லூரி, வெளிநாட்டில் ஆய்வுக் கட்டுரை படிக்க ஆண்டுக்கு ஒரே ஒருவருக்குத்தான் பயண நிதி கொடுக்கும். இந்த ஆண்டு வேறு யாரும் கேட்கவில்லை. எஸ்தோனியாவில், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக நகரத்தில், ஜூன் மாதம் சமயங்களைப் பற்றிய மாநாடு. ஜூனில் அங்கே இரவு முழுதாக இருட்டாது என்று வாசித்ததிலிருந்து, தன் ஊரான கொட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் அவள் கண்ணை மூடினாலும் அந்த வெளிச்சம்தான் தெரிந்தது. வயல்களுக்கு மேலே அந்த மங்காத அந்தியை விரித்து வைத்துப் பார்ப்பாள். இறங்க வேண்டிய நிறுத்தம் இரண்டு தடவை தவறிப்போனது.

அவளுடைய கட்டுரை அய்யாவழித் தாங்கல்களைப் பற்றியது. அய்யாவழி நெறியைப் பின்பற்றும் அவள் வீட்டார் கும்பிடும் சிறிய வழிபாட்டிடங்கள் அவை. அங்கே வருகிற எல்லோருக்கும் சாதி கேட்காமல் பால் ஊற்றுவார்கள். கட்டுரை அந்தப் பாலைப் பற்றித்தான்.

பலன் கட்டத்தில் முதலில், ‘நம் மண்ணின் பெருமையை உலகறியச் செய்தல்’ என்று எழுதினாள். வாசித்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அடித்தாள். தன் அமர்வில் பேசப்போகும் மற்றவர்களுடைய கட்டுரைச் சுருக்கங்களைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று மாநாட்டின் தளத்தைத் திறந்தாள்.

அமர்வின் பெயர் ‘கறவையும் புனிதமும்’. ஒருவர் இமயமலை மடங்களில் எரியும் வெண்ணெய் விளக்கைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவர் பசுக்களுக்கு மணி கட்டி ஆசீர்வதிக்கும் மலைக் கிராமங்களைப் பற்றி. மூன்றாவது அவள்.

தன் ஆங்கிலச் சுருக்கத்தை மறுபடி வாசித்தாள். ‘மில்க்’ என்று ஏழு இடத்தில் இருந்தது.

தாங்கலில் ஊற்றுவது கஞ்சி. அரிசியும் பயறும் வேகவைத்த கஞ்சி. பிறந்ததிலிருந்து அதற்குப் பால் என்றுதான் பெயர். ஒரு சொட்டுப் பசும்பால் அதில் கிடையாது.

துறைத் தலைவர் மரியஜான் விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைத் தட்டினார். குளச்சல்காரர். சிரித்தால் அடுத்த வகுப்பில் கேட்கும்.

“கஞ்சிய கொண்டுபோயி மாட்டுக்காரன் கூட்டத்துல வச்சிட்டியே மக்கா!”

“சார், கிண்டல் பண்ணாதீங்க. திருத்தி மெயில் அனுப்பணும்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “எப்போ?”

“இன்னிக்கு.”

“வியாழக்கிழமை நிதிக் கமிட்டி. அழைப்புக் கடிதத்துல அந்த அமர்வு பேருதான் இருக்கு. இப்ப திருத்துனா அவங்க உன்னத் தூக்கிருவாங்க. கடிதம் இல்லேன்னா நிதியும் இல்ல. கேட்டியா, முதல்ல காசு வரட்டும். அங்க போயி மேடையில சொல்லு, இது அந்தப் பால் இல்லேன்னு.”

“அப்போ நான் பொய்க் கடிதத்தக் காட்டிக் காசு வாங்குன மாதிரி ஆகும் சார்.”

“பொய் யாரு சொன்னா? பால்னுதானே நீங்க சொல்லுதீங்க?”

ஆனாலும் அன்று சாயங்காலமே மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்பிய பிறகு, வயலுக்கு மேலிருந்த அந்த வெளிச்சம் அணைந்துவிட்டது போலிருந்தது.

வீட்டில் அம்மா சொர்ணம்மாளிடம் கேட்டாள். “அம்மா, கஞ்சிய ஏன் பால்னு சொல்லுதோம்?”

“பால்னா பால்தான். வேற என்னன்னு சொல்லுவாவ?” அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “காலேஜில படிச்சுட்டு எங்கிட்ட கேக்கியா?”

வியாழக்கிழமை வரை பதில் வரவில்லை. முதல்வர் அறையில் கமிட்டி கூடியது. கணக்குப் பார்ப்பவர் வணிகவியல் பேராசிரியர் ராஜையன். மார்த்தாண்டத்துக்காரர். ஒரு ரூபாயைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் விடுவார் என்பார்கள்.

கேட்பதற்கு முன் சபிதாவே சொன்னாள். தன் தவறு, அனுப்பிய மின்னஞ்சல், இன்னும் வராத பதில் எல்லாவற்றையும். மரியஜான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜையன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ ஒன்னோட தப்பத் திருத்த நாங்க டிக்கெட் எடுத்துத் தரணும். அப்படித்தானேம்மா?”

முதல்வர் சிரித்துவிட்டார்.

“இந்த மாநாட்டுல காணொளியிலயும் பேசலாம்னு போட்டிருக்கே,” என்றார் ராஜையன். “இங்கயே நம்ம செமினார் ஹாலுல உக்காந்து பேசு. கரண்டு செலவுதான். எதுக்கு அவ்வளவு தூரம் போணும்?”

சபிதா தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் மறந்துபோயின.

“சார், என் சுருக்கத்த அங்க மூணு பேர் மதிப்பிட்டாங்க. இங்க நம்ம மரியஜான் சாரும் வாசிச்சாரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. எழுத்துல பார்த்தா மில்க்னா மில்க்தான். ஆனா ஒருத்தர் எங்கூட உக்காந்து ஒரு சாயா குடிச்சிருந்தா, தாங்கல்ல ஊத்துறது பசும்பாலா எருமைப்பாலான்னு கேட்டிருப்பாரு. நான் அப்பவே சிரிச்சிருப்பேன். தப்பு அங்கயே தெரிஞ்சிருக்கும்.”

ராஜையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளே தொடர்ந்தாள்.

“காணொளியில எனக்குப் பன்னிரண்டு நிமிஷம். வாசிப்பேன், கைதட்டுவாங்க, திரை அணைஞ்சிரும். இன்னும் எத்தன சொல்ல நான் இப்படி விளக்காம விட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. எனக்கு அதெல்லாம் வீட்டுச் சொல்லு. தெரியாதவங்க கேட்டாத்தான் தெரியும்.”

ராஜையன் விண்ணப்பத்தைத் திருப்பினார். பலன் கட்டத்தில் ‘ஆய்வு மேம்பாடு’ என்று மட்டும் இருந்தது.

“இதையா எழுதி வச்சிருக்க? இப்போ சொன்னத எழுதக் கை வலிக்குமோ?”

“எழுதலாம்னு தெரியாது சார்.”

“எழுது. விடுதிச் செலவ வெட்டுதேன். மாணவர் விடுதியில அறை கிடைக்கும், விசாரி. திரும்பி வந்ததும் போர்டிங் பாஸும் அறிக்கையும் குடுக்கணும். திருத்தின கடிதம் பதினஞ்சாம் தேதிக்குள்ள வரணும். வரலேன்னா எல்லாம் ரத்து. பிறகு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது.”

கடிதம் பதினான்காம் தேதி வந்தது. அமர்வை நடத்தும் பெண்மணி எழுதியிருந்தார்: கறவை அமர்வில் இனி இடம் தர இயலாது. உணவு பகிர்தலைப் பற்றிய அமர்வில் கடைசி நாள், கடைசி ஆளாகப் பேசலாம், நேரில் வந்தால் மட்டும். திருத்திய சுருக்கம் கிடைத்தது. கூடவே ஒரு கேள்வி. கஞ்சிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?

சபிதா கடிதத்தை அச்செடுத்து ராஜையனிடம் கொண்டுபோனாள். அவர் தேதியைப் பார்த்தார், அமர்வின் பெயரைப் பார்த்தார், கையெழுத்திட்டார். அவள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தக் கஞ்சி… இத்தன வருசம் இந்த ஜில்லாவுல இருந்தும் நான் குடிச்சதில்ல. எப்படி இருக்கும்?”

“ஞாயிற்றுக்கிழமை வாங்க சார். எங்க தாங்கல்ல ஊத்துவாங்க.”

“ஞாயிறு எனக்கு சர்ச்சுல ஆராதனை உண்டு.”

“நீங்க முடிச்சிட்டு வாங்க. மத்தியானம்தான் ஊத்துவாங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சீனி போடுவாங்களா?”

“கஞ்சிக்கு யாரு சார் சீனி போடுவா?”

“பால்னு சொன்னியே,” என்றார் ராஜையன்.